கிணற்றுக்கு நீர் எந்தப் பக்கத்தால் வருகிறது?

இவ்வருட விஞ்ஞான தினத்தில் எமது அதிபர் அவர்கள் நிகழ்த்திய உரை பத்து நிமிடங்கள்கூட நீடிக்கவில்லை. கண்காட்சி மேசைகளில் அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றிப் பொங்க வைத்த எரிமலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேடையேறிய அவர், "இந்த எரிமலை எப்போது பொங்கும் என்று செய்தவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். அடுத்த முறை உங்களுக்கும் எனக்கும் விடை தெரியாத ஒன்றைக் கொண்டு வாருங்கள்" என்றார். பிறகு, நாம் வாழும் ஊரின் ஒரு பிரச்சினையையே ஒவ்வொரு குழுவும் செயற்றிட்டமாக எடுக்க வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். அதற்கு அவர் வைத்த நிபந்தனைகள்தாம் எங்களைச் சிந்திக்க வைத்தன. அஸர் தொழுதுவிட்டு நடந்து போய் மஃரிபுக்கு முன் திரும்பி வரக்கூடிய தூரத்தில் அந்தப் பிரச்சினை இருக்க வேண்டும். விடை கிடைத்தால் அதை வைத்து ஏதாவது செய்யக் காத்திருக்கும் ஓர் ஆளாவது இருக்க வேண்டும். "குப்பை", "நீர் மாசு" என்று பெயர் எழுதிக்கொண்டு வரக்கூடாது. கேள்விக்குறியில் முடியும் ஒரு வசனத்தை எழுதிக்கொண்டு வர வேண்டும்.

நாங்கள் நால்வர் எழுதிக்கொண்டு போன முதல் வசனம் "எமது ஊரின் கிணற்று நீர் மாசடைந்துள்ளதா?" என்பது. அதிபர் வாசித்துவிட்டு, "எந்தக் கிணறு?" என்று மட்டும் கேட்டார். அந்த இரண்டு சொற்களுக்குப் பதில் தேடியதில்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் முறையைக் கற்றுக்கொண்டோம். ஒரு டேப்பும் மேசன்மார் பாவிக்கும் தெளிவான குழாயும் இருந்தால் எந்த ஒழுங்கையிலும் இதைச் செய்யலாம்.

முதலில் பிரச்சினையைச் சொல்கிறேன். கிழக்குக் கரையோர ஊர்கள் பல, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக இருக்கும் மணல் திட்டின் மேல் அமைந்தவை. மணலில் தோண்டினால் சில அடிகளிலேயே நீர் வரும். அதனால் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழியும் உண்டு. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பது அடி விட வேண்டும் என்பது எல்லோரும் கேள்விப்பட்ட கணக்கு. ஆனால் பத்து பேர்ச் வளவு என்பது சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 52 அடி. கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர் மூலையிலும் இருந்தால்தான் ஐம்பது அடி தேறும். எங்கள் பகுதிகளில் பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கம் இருப்பதால் பத்து பேர்ச் ஐந்தாகவும், ஐந்து அதற்கும் குறைவாகவும் பிரிந்துகொண்டே போகிறது. (உம்மாவின் வளவு எனக்கும் ராத்தாவுக்கும் எப்படிப் பிரியும் என்று நானும் தாளில் கீறிப் பார்த்தேன். குழிக்கு இடம் வைத்தால் குசினிக்கு இடமில்லை.) இதில் நாம் மறந்துவிடும் விடயம், ஐம்பது அடி என்ற கணக்கு நமது குழிக்கு மட்டுமல்ல, மதிலுக்கு அப்பால் இருக்கும் அடுத்த வீட்டுக் குழிக்கும் பொருந்தும் என்பது. நிலத்துக்குக் கீழே மதில் இல்லை.

நாங்கள் தெரிவு செய்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருந்தது. பால்மாவைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்துத்தான் கரைத்தார்கள். கொதிக்க வைத்தால் போதும் என்று அந்த வீட்டு மூத்தம்மா உறுதியாக நம்பினார். கிருமிகளைப் பொறுத்தவரை அவர் நம்பியது சரியே. ஆனால் குழியிலிருந்து வருவது கிருமி மட்டுமல்ல. சிறுநீரில் உள்ள யூரியா மண்ணில் அமோனியாவாகி, காற்றுப் புகும் மணலில் வாழும் பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக மாறுகிறது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் தெரியாது. கொதித்தாலும் அது ஆவியாவதில்லை. நீர் ஆவியாகிப் போகப் போக, கேத்தலில் எஞ்சும் நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். பெரியவர்களின் உடல் இதை ஓரளவு சமாளிக்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளில் அது இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசன் காவ முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடக்கூடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார அமைப்பின் எல்லை. அந்த எல்லை முக்கியமாகக் குழந்தைகளை மனதில் வைத்து விதிக்கப்பட்டது.

எனவே எங்கள் கேள்வி இப்படி மாறியது: "குழந்தை இருக்கும் வீட்டுக் கிணற்றுக்கு நிலத்தடியில் நீர் எந்தப் பக்கத்தால் வருகிறது?" அந்தப் பக்கம் தெரிந்தால், சுற்றியுள்ள குழிகளில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரியும். இதை வாசித்துவிட்டு அதிபர் தலையசைத்தார்.

தரைக்கீழ் நீர் ஏரியைப் போல அசையாமல் கிடப்பதில்லை. அதன் மேற்பரப்பு மிக மெல்லிய சரிவுடன் இருக்கும். உயரமான பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு நீர் மெதுவாக மணலூடே நகரும். ஒரு கிணற்றைப் பார்த்து இந்தச் சரிவைச் சொல்ல முடியாது. இரண்டு கிணறுகளும் போதா. ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளின் நீர்மட்டம் தெரிந்தால் சொல்லிவிடலாம். மூன்று கால் முக்காலி ஆடாமல் நிற்பதைப் போல, மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை நிர்ணயிக்கின்றன.

நீர்மட்டத்தை அளப்பது சுலபம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிணற்றுக்கட்டிலிருந்து டேப்பை இறக்கி, நீரைத் தொட்ட இடத்தைப் பார்ப்பதுதானே? கட்டின் மேலிருந்து எட்டிப் பார்க்கும்போது டேப் நீரைத் தொட்டுவிட்டதா, அரை அங்குலம் மேலே நிற்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. இதற்கு நீரியலாளர்கள் பாவிக்கும் பழைய உபாயம் ஒன்றுண்டு. இரும்பு டேப்பின் நுனிப் பகுதியில் ஒரு முழ நீளத்துக்குச் சோக்கைத் தேய்த்துவிட வேண்டும். நீரில் நன்றாகத் தாழும்வரை இறக்கி, கட்டின் விளிம்பில் ஒரு முழு எண் நேராக வரும்படி பிடித்து, பிறகு மேலே இழுக்க வேண்டும். நனைந்த சோக்கு கருத்துத் தெரியும். விளிம்பில் பிடித்த எண்ணிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது மில்லிமீற்றர் அளவுக்குக் கிடைக்கும். எங்கள் குழுவில் சோக்குத் தூளை முகமெல்லாம் பூசிக்கொண்டவர் யார் என்பதை இங்கே எழுதமாட்டேன்.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதும், ஓடி நின்ற சிறிது நேரத்திலும் கிணற்றில் நீர் இறங்கியிருக்கும்; அது சுற்றியுள்ள நிலத்தின் நீர்மட்டம் அல்ல. சுபஹுக்குப் பின் எல்லா வீட்டிலும் தாங்கி நிரப்புவார்கள். லுஹருக்கும் அஸருக்கும் இடையில்தான் ஒழுங்கை அமைதியாக இருந்தது. மூன்று வீட்டிலும் சொல்லி வைத்து, மோட்டர் போடாமல் சில மணித்தியாலங்கள் கழிந்த பின் ஒரே பிற்பகலில் மூன்றையும் அளந்தோம். என் உம்மாவும் எங்களோடு வந்ததால் எந்த வீட்டிலும் உள்ளே போவதில் சங்கடம் இருக்கவில்லை. எல்லா வீட்டிலும் தேநீர் கிடைத்தது.

ஆனால் ஆழம் மட்டும் போதாது. ஒரு கிணற்றுக்கட்டு உயரமாக இருக்கும், இன்னொன்று பதிந்திருக்கும், நிலமும் ஏறி இறங்கும். எனவே மூன்று கட்டுகளின் உயரங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். அதற்குத்தான் மேசன்மாரின் குழாய் மட்டம். தெளிவான பிளாஸ்ரிக் குழாயில் நீரை நிரப்பி இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்தால், இடையில் மதில் இருந்தாலும் பள்ளம் இருந்தாலும், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து ஒவ்வொரு கட்டும் எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்று அளந்தால் வித்தியாசம் கிடைத்துவிடும். தூரம் அதிகமென்றால் இடையில் மின்கம்பத்திலோ மதிலிலோ கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி தொடரலாம்.

குழாய்க்குள் ஒரே ஒரு காற்றுக் குமிழ் சிக்கியிருந்தாலும் மட்டம் பிழைக்கும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. இதைக் கண்டுபிடிக்க வழி, முதலாம் கிணற்றில் தொடங்கி இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் போய் மறுபடி முதலாவதுக்கே வந்து முடிப்பது. தொடங்கிய கட்டின் உயரத்தை 300 சென்ரிமீற்றர் என்று வைத்தால், சுற்றி வந்த பின்னும் 300 கிடைக்க வேண்டும். எங்களுக்கு 301 கிடைத்தது. நாங்கள் தேடும் வித்தியாசங்கள் ஆறு, ஒன்பது சென்ரிமீற்றர் என்ற அளவில் இருந்தபடியால் ஒரு சென்ரிமீற்றர் பிழையை ஏற்கலாம். ஐந்து வந்திருந்தால் முழுவதையும் வீசிவிட்டுத் திரும்ப அளக்க வேண்டியிருந்திருக்கும்.

இனிக் கணக்கு. முதலாம் கிணற்றின் கட்டு 300, இரண்டாவது 318, குழந்தை இருக்கும் வீட்டின் மூன்றாவது 291 சென்ரிமீற்றர். கட்டிலிருந்து நீருக்கு உள்ள ஆழம் முறையே 214, 226, 214. ஆழத்தை மட்டும் பார்க்கிறவர், முதலாவதிலும் மூன்றாவதிலும் நீர் ஒரே மட்டத்தில் இருக்கிறது, இரண்டாவதில்தான் நீர் தாழ்ந்து கிடக்கிறது என்று சொல்வார். கட்டின் உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்துப் பாருங்கள்: முதலாவதில் நீர்மட்டம் 86, இரண்டாவதில் 92, மூன்றாவதில் 77. ஆழமாகத் தெரிந்த இரண்டாவதில்தான் நீர் மிக உயரத்தில் நிற்கிறது. ஒன்று போலத் தெரிந்த இரண்டுக்கும் இடையில் ஒன்பது சென்ரிமீற்றர் வித்தியாசம். குழாய் மட்டம் பிடிக்காமல் விட்டிருந்தால் நீர் ஓடும் திசையையே தலைகீழாக எழுதியிருப்போம்.

திசையைக் காண, மூன்று கிணறுகளையும் அளவுத் திட்டப்படி தாளில் குறித்தோம். மிக உயர்ந்த இரண்டாவதுக்கும் மிகத் தாழ்ந்த மூன்றாவதுக்கும் இடைத் தூரம் 150 அடி. வீழ்ச்சி 15 சென்ரிமீற்றர். நடுத்தரமான முதலாவதின் மட்டம் 86. இரண்டாவதிலிருந்து மூன்றாவது நோக்கிப் போகும் கோட்டில் எந்த இடத்தில் 86 வரும்? 92 இலிருந்து ஆறு இறங்க வேண்டும். பதினைந்தில் ஆறு என்பது ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே 60 அடியில். அந்தப் புள்ளியையும் முதலாம் கிணற்றையும் ஒரு கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு நெடுகிலும் நீர்மட்டம் சமம். நீர் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்குப் போகிறது. பத்தாம் தரக் கேத்திரகணிதம் இவ்வளவுக்குப் போதும்.

அந்த அம்புக்குறியைக் கீறி முடித்ததும் வரைபடம் வேறு கதை சொல்லத் தொடங்கியது. குழந்தை வீட்டாரின் சொந்தக் குழி அவர்களின் கிணற்றிலிருந்து 22 அடியில்தான் இருந்தது. குழி கிட்ட இருப்பதுதான் குற்றம் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அது கிணற்றைத் தாண்டிய பிறகு, நீர் போகும் பக்கத்தில் இருந்தது. நீர் வரும் பக்கத்தில் இருந்தது பின் ஒழுங்கை வீட்டின் குழி. 38 அடி தூரம். நடுவில் ஆளுயர மதில். அந்த வீட்டாருக்கும் இவர்களுக்கும் வாசல் வேறு, ஒழுங்கை வேறு. பேச்சுவார்த்தையும் அவ்வளவாக இல்லை.

மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் நைத்திரேற்றுப் பரிசோதனைத் தாளை மூன்று கிணற்று நீரிலும் தோய்த்தோம். அது திட்டமான எண் தராது. நிறத்தைப் பார்த்து இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் இடையில் என்று சொல்லலாம். இரண்டாவதில் 10 க்கும் 25 க்கும் இடையில் வந்தது. மூன்றாவதில் 50 ஐத் தாண்டிய நிறம். வேறொரு நாளில் புதிய தாள்களால் மீண்டும் பார்த்தோம், நிறம் மாறவில்லை.

இந்தச் சரிவில் நடுத்தர மணலூடே நீர் நாளொன்றுக்குச் சுமார் பத்து சென்ரிமீற்றர்தான் நகரும் என்று ஒரு பருமட்டான கணக்குப் போடலாம். 38 அடி என்பது ஏறத்தாழ 11.6 மீற்றர். அப்படியானால் குழியிலிருந்து கிணற்றுக்கு வர நான்கு மாதங்கள்வரை ஆகும். நோய்க் கிருமிகளில் பெரும்பாலானவை அவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதில்லை. ஜேர்மனியில் ஊர்க் கிணறுகளின் பாதுகாப்பு எல்லையை அடி கணக்கில் அல்ல, நீர் ஐம்பது நாள் நடக்கும் தூரம் என்றுதான் குறிக்கிறார்கள். மணல் மெல்லியதென்றால் அது கிட்டவே முடியும், பருமனான மணலென்றால் தூரப் போகும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் நீர் வெடிப்புகளூடே ஓடுவதால் அங்கே எங்கள் கணக்கு பொருந்தாது. நைத்திரேற்று மட்டும் இறப்பதற்கு உயிருள்ள பொருளல்ல. நான்கு மாதம் நடந்து வந்தாலும் அது நைத்திரேற்றாகவே வந்து சேரும்.

இங்கே நிதானம் தேவை. பின் வீட்டுக் குழிதான் காரணம் என்று எங்கள் வரைபடம் நிரூபிக்கவில்லை. நீர் வரும் பக்கத்தில் கோழிக்கூடு இருந்தாலும் மாட்டுப்பட்டி இருந்தாலும் நைத்திரேற்று வரும். மோட்டர் ஓடும்போது கிணறு எல்லாப் பக்கத்தாலும் நீரை இழுக்கும். ஆகவே நீர் போகும் பக்கத்தில் இருக்கும் 22 அடிக் குழியும் பாதுகாப்பானது அல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தாளில் நைத்திரேற்றுக் குறைவு என்றால் நீர் நல்லது என்று அர்த்தமில்லை. அந்த ஒழுங்கையில் நிலத்திலிருந்து நாலரை அடியில் நீர். குழிகளோ ஏழு அடி ஆழம். குழியின் அடி நீருக்குள்ளேயே நிற்கிறது. அப்படி நீரில் ஊறிய, காற்றில்லாத மணலில் அமோனியா நைத்திரேற்றாக மாறாமலே கிணற்றுக்கு வந்துவிடலாம். தாள் அதைக் காட்டாது. கிருமி உண்டா என்பதை ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். அதற்கான மாதிரியைக் கிருமி நீக்கிய போத்தலில் எடுத்து, குளிரில் வைத்து, தாமதமின்றி அனுப்ப வேண்டும். அது எங்கள் வேலையல்ல, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை.

வரைபடத்தில் நாங்கள் வீட்டுக்காரரின் பெயர் எதையும் எழுதவில்லை, இலக்கங்கள் மட்டுமே. கண்காட்சி மண்டபத்தில் வைத்த பிரதியில் ஒழுங்கையின் பெயரும் இல்லை. "இன்ன வீட்டுக் குழி" என்று ஒரு சொல் சந்திக்கு வந்துவிட்டால், அடுத்த முறை யார் எங்களுக்குக் கிணற்றைத் திறந்து காட்டுவார்கள்? முடிவை முதலில் மூன்று வீட்டாருக்கும் பின் ஒழுங்கை வீட்டாருக்கும் தனித்தனியே போய்ச் சொன்னோம். பின் வீட்டு வாப்பா வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்கள் கிணற்றுக்கு யாருடைய குழியில் இருந்து வருகிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அது நியாயமான கேள்வி. அவர்களின் கிணறு நான்காவதாக எங்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

குழந்தைக்குப் பால்மா கரைக்க இப்போது குழாய் நீரை எடுக்கிறார்கள். கிணற்று நீர் குளிக்கவும் துவைக்கவும் வுழூச் செய்யவும் தொடர்ந்து பாவனையில் உண்டு, அதற்குத் தடையில்லை. மூத்தம்மாவுக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை. நாற்பது வருடம் குடித்த நீர் என்கிறார். நாற்பது வருடத்துக்கு முன் அந்த ஒழுங்கையில் எத்தனை வீடு இருந்தது என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். ஒரு கை போதுமாயிருந்தது.

நாங்கள் அளந்தது ஓகஸ்ட் மாதத்தில், கோடையில். மாரியில் களப்பு பெருகி நிற்கும்போது அந்தப் பக்கத்து நீர்மட்டம் உயரும். சரிவு தட்டையாகலாம், திசையே மாறவும் கூடும். அப்படி மாறினால் 22 அடிக் குழி நீர் வரும் பக்கத்துக்கு வந்துவிடும். ஆகவே டிசம்பர் விடுமுறையில் அதே கட்டுகளில், அதே சோக்குடனும் குழாயுடனும் நான்கு கிணறுகளையும் மீண்டும் அளக்க இருக்கிறோம். கட்டுகளில் நாங்கள் இட்ட சிவப்புப் புள்ளிகளை யாரும் அழித்துவிட வேண்டாம் என்று நான்கு வீட்டாரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.